வீட்டுக் கடனில் இரண்டாவது கையெழுத்து: மனைவியா, தம்பியா, ஜாமீனா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஒற்றைமாடி வரிசை வீடு வாங்க முனைகிற பல குடும்பங்களுக்கு வங்கியிலிருந்து வரும் முதல் பதில், "இன்னொருவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள்" என்பதுதான். அந்த இன்னொருவர் யார் என்பதைப் பெரும்பாலும் அன்று இரவே சாப்பாட்டு மேசையில் முடிவு செய்துவிடுகிறார்கள். யாருடைய சம்பளச் சீட்டு தோதாக இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் கடன் ஒப்பந்தத்தில் பெயர் இருப்பதும், நிலப்பட்டாவில் பெயர் இருப்பதும், மாதத் தவணையை யார் கட்டுகிறார் என்பதும் மூன்று தனித்தனி விஷயங்கள். ஒன்றைச் செய்தால் மற்றவை தாமாக வந்துவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அண்ணன் 2,40,000 ரிங்கிட் வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறார். 90 விழுக்காட்டுக் கடன் என்றால் 2,16,000 ரிங்கிட். 4 விழுக்காட்டு வட்டியில் 30 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,030 ரிங்கிட் வரும். பிடித்தம் போக அவர் கைக்கு வருவது 2,450 ரிங்கிட்; கார்க் கடனுக்கு ஏற்கெனவே 620 போகிறது. இரண்டு தவணையும் சேர்ந்தால் 1,650, அதாவது வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வங்கிக்கு வங்கி அளவுகோல் மாறும் என்றாலும், இந்த வருமான நிலையில் பல வங்கிகள் இதற்கு இசைவதில்லை. அவர் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: கடன் இல்லாத, கைக்கு 1,900 வாங்கும் மனைவியைச் சேர்ப்பது, கைக்கு 2,200 வாங்கி மோட்டார் சைக்கிளுக்கு 250 கட்டும் தம்பியைச் சேர்ப்பது, தம்பியைக் கடனாளியாக அல்லாமல் ஜாமீன்தாரராக மட்டும் நிறுத்துவது.

வங்கியின் கணக்கில் முதல் இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். மனைவி சேர்ந்தால் மொத்த வருமானம் 4,350, கடன் சுமை 38 விழுக்காடு. தம்பி சேர்ந்தால் 4,650-இல் 1,900, அதாவது 41 விழுக்காடு. இரண்டும் எளிதில் தேறிவிடும். வித்தியாசம் வங்கிக்கு இல்லை, குடும்பத்துக்குத்தான்.

இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுபவர் பாதிக் கடனுக்குப் பொறுப்பேற்பதில்லை. முழுக் கடனுக்கும் பொறுப்பேற்கிறார். ஒப்பந்தத்தின்படி இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் கடமைப்பட்டவர்கள் என்பதால், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவரிடம் முழுத் தொகையையும் வங்கி கேட்கலாம். "நான் என் பாதியைக் கட்டிவிட்டேன்" என்பது அண்ணன் தம்பிக்குள் எடுபடும் வாதமே தவிர, வங்கியிடம் எடுபடாது. அவர்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும் அவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

தம்பி இதனால் எப்படிப் பாதிக்கப்படுகிறார் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் கையெழுத்துப் போடும் நாளில் இது யாருக்கும் தெரிவதில்லை. பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் அறிக்கையில் இந்த வீட்டுக் கடன் தம்பியின் பெயரிலும் நிற்கும். தவணை தாமதமானால் அந்தத் தாமதமும் இருவரின் அறிக்கையிலும் கடைசி 12 மாதக் கட்டங்களில் தெரியும். அண்ணன் ஒருநாள்கூடத் தவறாமல் கட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். நான்கைந்து ஆண்டு கழித்துத் தம்பிக்குக் கல்யாணம் கூடி, அதே விலையில் தனக்கென ஒரு வீட்டுக்கு விண்ணப்பிக்கிறார். புதிய வங்கி பழைய தவணை முழுவதையும் அவர் கணக்கில் ஏற்றினால், 1,030, 250, புதிய 1,030 என்று 2,310 ஆகிறது. அவர் கைக்கு வருவதோ 2,200. பாதியை மட்டும் ஏற்றும் வங்கியிலும் 1,795 ரிங்கிட், வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல். சம்பளம் கணிசமாக உயராத வரையில் இரண்டு இடத்திலும் கதவு மூடியிருக்கும். அப்படியே கிடைத்தாலும், 2010-ஆம் ஆண்டு முதல் மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 விழுக்காடுதான் உச்சவரம்பு என்பதால், அண்ணனுக்காகப் போட்ட கையெழுத்து அவருடைய முதல் இரண்டு வாய்ப்புகளில் ஒன்றைத் தின்றுவிட்டிருக்கும்.

இத்தனைக்கும் பல குடும்பங்களில் தம்பியின் பெயர் பட்டாவில் இருப்பதில்லை. "வீடு அண்ணனுக்குத்தானே, கடனுக்குத்தான் தம்பி" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். எல்லா வங்கிகளும் இதை ஏற்பதில்லை; ஏற்கும் இடத்தில் தம்பிக்குக் கிடைப்பது முழுப் பொறுப்பு, பூஜ்ஜிய உரிமை. வாங்குபவராக அவர் பெயர் இல்லாததால் வீடு வாங்குவதற்கென இபிஎஃப் பணத்தையும் அவர் எடுக்க முடியாது. சரி, பெயரைப் பட்டாவிலும் போட்டுவிடலாம் என்றால், முதல் வீடு வாங்குவோருக்கு 5,00,000 ரிங்கிட் வரையிலான வீடுகளில் கிடைக்கும் முத்திரை வரி விலக்கு, இதற்கு முன் தனியாகவோ கூட்டாகவோ வீடு வைத்திராதவருக்கு மட்டுமே உரியது என்பதால், தம்பி பின்னாளில் தன் வீட்டுக்கு அதை இழப்பார். எப்படிச் சுற்றினாலும் அவருக்கு நட்டம்தான். ஆகவே கடனில் நிற்கும் தம்பிக்குப் பட்டாவிலும் ஒரு பங்காவது இருப்பதே குறைந்தபட்ச நியாயம் என்பேன்.

மூன்றாவது வழியான ஜாமீன் பற்றி நம்மவர்களிடம் ஒரு பழைய பயம் உண்டு. ஜாமீன் போட்டுத் திவாலானவர்களின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் 2017-இல் திவால் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒருவர் தாம் குடியிருக்கவே வாங்கும் வீட்டுக் கடனுக்கு இலாப நோக்கமின்றி ஜாமீன் நிற்பவர் சமூக ஜாமீன்தாரராகக் கருதப்படுகிறார். அவர் மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. இணைக் கடனாளிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை; கடன் 1,00,000 ரிங்கிட்டை எட்டினால் அவரைத் திவாலாக்கக் கோரலாம். அதற்காக ஜாமீன் என்பது வெறும் சாட்சிக் கையெழுத்து ஆகிவிடாது. வீடு ஏலம் போன பிறகும் மீதி நின்றால் அந்தத் தொகைக்கு ஜாமீன்தாரர் மீது வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கி அவர் சொத்தைப் பறிமுதல் செய்யக் கோரலாம். அண்ணனின் நிலையில் இந்த வழிக்கு வேறொரு குறையும் உண்டு: ஜாமீன்தாரரின் சம்பளத்தை எல்லா வங்கிகளும் கடனாளியின் வருமானத்தோடு கூட்டிப் பார்ப்பதில்லை. அவருடைய பிரச்சினை வருமானப் பற்றாக்குறை என்பதால், ஜாமீன் அதைத் தீர்க்காமலே போகலாம். முதலில் வங்கியில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

இனி மனைவி. கடனிலும் பட்டாவிலும் அவர் பெயர் இருப்பதே இம்மூன்றில் நேரானது. பொறுப்பு ஏற்பவருக்கே உரிமையும் இருக்கிறது. ஆனாலும் இதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவலாக உண்டு.

ஒருவர் இறந்தால் வீடு மற்றவருக்குத் தானாகப் போய்விடும் என்பது முதலாவது. நம் நாட்டு நிலச் சட்டத்தில் கூட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு. பட்டாவில் பெயருக்குப் பக்கத்தில் 1/2 என்று எழுதியிருப்பது அதைத்தான். இறந்தவரின் பங்கு அவருடைய மரபுச் சொத்தாகிவிடும். உயில் எழுதாமல் அண்ணன் இறந்து, அவருக்கு மனைவி, பிள்ளைகள், தாய் மூவகையினரும் இருந்தால், 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி அவருடைய பாதியில் கால் பங்கு மனைவிக்கும், கால் பங்கு தாய்க்கும், எஞ்சிய பாதி பிள்ளைகளுக்கும் போகும். முழு வீட்டைக் கணக்கிட்டால் மனைவிக்கு எட்டில் ஐந்து, மாமியாருக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகளுக்குக் கால். வயது வராத பிள்ளையின் பங்கு இருக்கும் வீட்டை விற்கப் போனால் நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். இதே இடத்தில் தம்பி பாதி உரிமையாளராக இருந்து மணமாகாமல் இறந்தால், அவர் பங்கு பெற்றோருக்கு. மணமாகியிருந்தால், அண்ணன் குடியிருக்கும் வீட்டில் தம்பியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு. இரண்டு வழியிலும் உயில் தேவைதான். தம்பி வழியில் அது இன்னும் அவசரம்.

இதோடு ஒட்டியது, கடனாளி இறந்தால் வீட்டுக் கடனை அடைக்கும் எம்ஆர்டிஏ காப்புறுதி. வங்கியில் அதைப் பெரும்பாலும் முதல் பெயருக்கு மட்டும் போட்டு நீட்டுவார்கள், அல்லது வருமானத்துக்கு ஏற்ப 60-க்கு 40 என்று பிரிப்பார்கள். அப்படிப் பிரித்தால் 40-க்கு உரியவர் இறக்கும்போது காப்புறுதி அட்டவணையில் அந்த ஆண்டுக்குக் காட்டியுள்ள தொகையில் 40 விழுக்காடுதான் அடையும். மீதியை மற்றவர் ஒற்றைச் சம்பளத்தில் கட்ட வேண்டும். இருவருக்கும் முழுத் தொகைக்கு எடுத்தால் சந்தா கூடும், ஆனால் யார் போனாலும் கடன் பெரும்பாலும் தீரும். மனைவியின் வருமானத்தை நம்பித்தான் கடனே கிடைத்தது என்னும்போது, அவருக்கு முழுக் காப்பு இல்லாமல் விடுவது சிக்கனம் ஆகாது.

மணமுறிவு ஏற்பட்டால் நீதிமன்றம் சொத்தைப் பிரித்துவிடும், கடனும் பிரிந்துவிடும் என்பது இரண்டாவது தவறான நம்பிக்கை. நீதிமன்றம் சொத்தைப் பிரிக்கும். பணமாகப் போட்டதை மட்டுமன்றி வீட்டைக் கவனித்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பு அல்ல. ஒருவர் கடனிலிருந்து வெளியேற வேண்டுமானால், மற்றவர் தம் வருமானத்தில் மட்டும் கடனைப் புதிதாக எடுத்துப் பழையதை அடைக்க வேண்டும். அதற்கும் அதே வருமானக் கணக்குதான்.

வெளியேறும் செலவில் மனைவி வழிக்கும் தம்பி வழிக்கும் உள்ள இடைவெளி பெரியது. கணவன் மனைவிக்குள் அன்பின் பேரில் பங்கை மாற்றினால் முத்திரை வரி முழுதும் விலக்கு, நில ஆதாய வரியும் அப்போது விழாது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலும் 10 லட்சம் ரிங்கிட் வரை முத்திரை வரி விலக்கு உண்டு. உடன்பிறப்புகளுக்கு இவை எதுவும் இல்லை. வீடு 2,80,000 ரிங்கிட்டுக்கு உயர்ந்திருக்கும்போது தம்பி தம் பாதியை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தால், 1,40,000-க்கு முத்திரை வரி 1,800 ரிங்கிட். வாங்கி மூன்று ஆண்டுக்குள் என்றால் தம்பியின் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி, ஆறாம் ஆண்டு முதல் இல்லை. வழக்கறிஞர் கட்டணம் தனி. பேராக்கில் பல வீடுகள் குத்தகை நிலத்தில் இருப்பதால், பெயர் மாற்ற மாநில அரசின் இசைவும் தேவைப்பட்டால் காத்திருப்பும் கூடும்.

ஆக, இந்த அண்ணனுக்கு நான் மனைவியைத்தான் சொல்வேன். அவர் வேலையை விட நேர்ந்தாலும் தாங்குமா என்று பார்த்து, தேவையானால் 35 ஆண்டுக்கு நீட்டித் தவணையை 956 ஆக்கிக்கொள்ளலாம். பங்கு பாதிக்குப் பாதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே வழக்கறிஞரிடம் விகிதத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று மட்டும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்: கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் தேசியப் பதிவிலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் இல்லாத மனைவிக்கு மேலே சொன்ன முத்திரை வரி விலக்கும், பங்கீட்டுச் சட்டத்தில் மனைவிக்குரிய கால் பங்கும் கிடைக்காமல் போகலாம்.