பெசரி வளையம்: ஆஸ்பத்திரியில் மாற்றுவதா, வீட்டிலேயே கழுவிக்கொள்வதா?

கருப்பை இறக்கத்துக்கு, அதைத் தாங்கிப் பிடிக்க யோனிக்குள் பெசரி வளையம் போட்டவர்களுக்கு இரண்டு வழி உண்டு. 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாமே கழற்றிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம். விரல் எட்டுகிறவர்களுக்கு இரண்டாவதே மேல் என்போம். பிரிட்டனில் 340 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் இரு தரப்பின் வாழ்க்கைத் தரமும் ஒன்றுபோலவே இருந்தது. தொல்லைகள் வீட்டில் பார்த்துக்கொண்டவர்களிடம் குறைவு.

கடலூர் முதுநகரில் கூடை சுமந்து மீன் விற்கும் 63 வயது அம்மா ஒருவரை வைத்துப் பார்ப்போம். வளையம் 74 மி.மீ., மாற்றுவது ஆஸ்பத்திரியில். நான்காம் மாதம் வெள்ளையோடு லேசாக இரத்தமும் நாற்றமும் வருகிறது. அடுத்த முறை சொல்லலாம் என்று தள்ளிப்போடுகிறார். மாதவிடாய் நின்றபின் யோனிச் சுவர் மெலிந்துவிடும். வளையம் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே புண்ணாகும். வளையத்தை எடுத்து, ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கொடுத்து, சில வாரம் ஆறவிட்டு, பெரும்பாலும் சற்றுச் சிறிய வளையமாகப் போடுவார்கள். வெறும் புண் என்று விட்டுவிடாமல் கருப்பையையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும். இந்த வயதில் இரத்தம் வேறு காரணத்தாலும் வரும்.

அதே அம்மா வாரம் ஒரு இரவு வளையத்தைக் கழற்றி வைத்திருந்தால் சுவருக்கு ஓய்வு கிடைத்திருக்கும், கசிவும் சீக்கிரம் கண்ணில் பட்டிருக்கும். நகம் வெட்டி, கை கழுவி, குந்தியோ ஒரு காலை முக்காலியில் வைத்தோ நிற்க வேண்டும். முன்பக்க எலும்புக்குப் பின்னால் வளையத்தின் விளிம்பில் ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல மாட்டி, கீழ்நோக்கி இழுத்தால் வரும். வெதுவெதுப்பான நீரும் சாதாரண சோப்பும் போதும். டெட்டால் வேண்டாம், அது எரிச்சல் தரும். விரிசலோ சொரசொரப்போ இருந்தால் புதியது வாங்க வேண்டும். திரும்பப் போடும்போது பாதியாக மடித்து, நுனியில் நீர் சார்ந்த ஜெல் தடவி, முதுகெலும்பின் அடிப்பக்கம் நோக்கித் தள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிறகு இருமி, குந்திப் பார்க்கவும். சரியாக உட்கார்ந்த வளையம் உள்ளே இருப்பதே தெரியாது.

முடக்குவாதத்தால் விரல் மடங்காதவர்கள், நினைவு தடுமாறுகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கே போகலாம். தாமே கழுவுகிறவர்களும் வருடம் ஒருமுறையாவது டாக்டரிடம் உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டும். சுவரின் புண் பலருக்கு வலிக்காது.

மலம் கழிக்க முக்கும்போது வளையம் நழுவினால், விரலால் தாங்கிக்கொள்ளலாம். அடிக்கடி விழுந்தால் அளவு சரியில்லை. புதிதாகச் சிறுநீர் கசிந்தாலும் சொல்லுங்கள். இரத்தம், நாற்றம், வலி என்றால் அந்த வாரமே போக வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலோ காத்திருக்கக் கூடாது: முடிந்தால் வளையத்தைக் கழற்றிவிட்டு அன்றே கடலூர் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய், வளையம் போட்ட தேதியையும் அளவையும் சொல்லுங்கள்.