ரெசல்யூஷனைக் குறைப்பதா, பாதி ஃப்ரேமை ஊகிக்க விடுவதா?

90 ஹெர்ட்ஸ் விஆர் ஹெட்செட்டில் ஒரு ஃப்ரேமை வரையக் கிடைப்பது 11.1 மில்லி வினாடி. உங்கள் கேம் 13 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, SteamVR-இல் ரெண்டர் ரெசல்யூஷனை 100%-இலிருந்து 75%-க்கு இறக்குவது. அந்த எண் மொத்தப் பிக்சல்களைக் குறிப்பதால், நீளத்திலும் அகலத்திலும் குறைவது சுமார் 13 சதவீதம்தான். பயந்த அளவுக்கு மங்காது. தடை கிராஃபிக்ஸ் கார்டு என்றால் நேரம் பத்தரைக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, ரெசல்யூஷனைத் தொடாமல் Motion Smoothing-ஐ இயக்குவது. கேம் 45 ஃப்ரேம்தான் வரையும். இடையில் வருபவை முந்தைய அசைவை வைத்து ஊகித்தவை. தலையைத் திருப்பினால் உறுத்தாது. ஆனால் கையை வேகமாக வீசினால் ஓரங்கள் குழம்பு போல நெளியும். விமான கேமில் காக்பிட் கம்பிக்குப் பின்னால் நிலம் ஓடும்போதும் அப்படித்தான். கேமின் எதிர்வினையும் சற்றுத் தாமதமாகும்.

வாள்வீச்சு, தாள கேம்களுக்கு முதல் வழிதான், யோசிக்கவே வேண்டாம். தூரத்து மீட்டர்களைப் படிக்க வேண்டிய விமான கேமில் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன்.

அதற்கு முன் ஃப்ரேம் டைமிங் வரைபடத்தைப் பாருங்கள். சிபியு நேரம்தான் 11-ஐத் தாண்டுகிறது என்றால் ரெசல்யூஷனை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை. அப்புறம், 11-ஐ ஒட்டியே நேரம் ஊசலாடினால் கேம் 90-க்கும் 45-க்கும் மாறி மாறித் தாவும். அதைவிட 45-இலேயே பூட்டிவிடுவது மேல்.