சக்கர நாற்காலி மாணவிக்குக் கைப்பந்து: தரையில் அமர்ந்தா, நாற்காலியில் இருந்தபடியா?

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பை எடுத்துக்கொள்வோம். 18 பேர், மண்டபத்தில் இரண்டு பூப்பந்துத் திடல்கள், ஒரு மாணவி சக்கர நாற்காலியில். அவளிடம் புள்ளி அட்டையைக் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பதை ஒரு வழியாகவே சேர்க்க வேண்டாம். எல்லாரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கலாமே என்பார்கள். அப்போது அவளைத் தவிர யாராலும் நகர முடியாது. எட்டி அடிப்பவர் நாற்காலியோடு பின்னால் சாய்வார். உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

முதலாவது, எல்லாரும் தரையில் அமர்ந்து ஆடும் கைப்பந்து. 1980 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம் இது. திடல் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலையின் மேல்விளிம்பு பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தைத் தொடும் நேரத்தில் இடுப்புப் பகுதி தரையில் இருக்க வேண்டும். பூப்பந்துத் திடலின் அகலம் 6.1 மீட்டர் என்பதால் பக்கக் கோடுகள் அப்படியே உதவும். வலையிலிருந்து 5 மீட்டரில் நாடா ஒட்டினால் பின்கோடும் தயார். வலையைக் கம்பத்தில் இறக்கிக் கட்டினால் போதும்.

நியாயத்தைப் பார்த்தால் இதுதான் சிறந்தது: அனைவருக்கும் ஒரே உயரம், ஒரே விதி. ஆனால் அந்த மாணவியின் உடல் இதற்கு இடம் தருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாயில் அமர்ந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, 10 விநாடி சாயாமல் இருக்க முடிகிறதா? ஒரு கையைத் தரையில் ஊன்றினால்தான் நிலைக்கிறாள் என்றால், ஆட்டத்தில் அவளுக்கு ஒரு கைதான் மிச்சம். அவள் நாற்காலியில் இருந்திருந்தால் சாய்மானம் இரு கைகளையும் விடுவித்திருக்கும். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: தரையில் உரசித் தோல் கிழிந்தாலும் வலி தெரியாது. சிமெண்ட் தரையில் இந்த ஆட்டமே வேண்டாம். வழவழப்பான மண்டபத் தரையில் ஆடினாலும் நீளக் காற்சட்டை அணிய வேண்டும். வீட்டில் தோலைப் பார்க்கும்படி பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழியில் அவள் நாற்காலியில், மற்றவர்கள் நின்றபடி. இது பெரும்பாலும் கெடுவது ஒரே காரணத்தால்: பந்து அவள் பக்கம் வரும்போதெல்லாம் வேகமான ஒருவன் குறுக்கே ஓடி எடுத்துவிடுவான். அதற்கு மருந்து பூப்பந்துக் கோடுகளிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் வலையோரம் 1.98 மீட்டர் ஆழத்தில் ஒரு பட்டை, அதன் பின்னால் 3.05 மீட்டர் அகலத்தில் இரண்டு கட்டங்கள். அணிக்கு மூவர், ஆளுக்கு ஓர் இடம். ஒரு கட்டத்துக்குள் வரும் பந்தை முதலில் தொடும் உரிமை அந்தக் கட்டத்துக்காரருக்கு மட்டும். அடுத்த இரண்டு தொடுதல்களை யாரும் எடுக்கலாம். பந்து ஒருமுறை தரையில் குதிக்கலாம். இந்த விதிகள் அவளுக்கு மட்டும் என்றால் அது சலுகை. எல்லாருக்கும் என்றால் அதுவே ஆட்டம்.

வலையை அவளுடைய கைக்கு அளந்து கட்டுங்கள். நாற்காலியில் இருந்து உயர்த்திய விரல் நுனி 1.45 மீட்டரைத் தொட்டால், வலை 1.35. அப்படி இறக்கினால் நிற்பவர்கள் ஓங்கி அடிக்கத் தொடங்குவார்கள். ஆகவே பந்து மேல்நோக்கி எழும்பித்தான் வலையைக் கடக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

இரு முன்கைகளையும் சேர்த்துக் கீழிருந்து எடுக்கும் அடி அவளுக்கு முழங்காலில் இடிக்கும். தலைக்கு மேல் விரல்களால் தள்ளுவதை வகுப்பு முழுவதற்கும் முதலில் கற்பியுங்கள். நாற்காலியின் பக்கக் கைப்பிடி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடலாம். வலையோரப் பட்டையில் நாற்காலி வலையைப் பார்த்து நிற்கக்கூடாது; நாற்காலி பக்கவாட்டில் நகராது. தோள் வலைப்பக்கம் இருக்கும்படி திருப்பினால், முன்னும் பின்னும் உருட்டியே வலை நெடுக நகரலாம். பாதப்பலகையின் விளிம்பில் பழைய பாய்த் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். மற்றவர்களின் கணுக்கால் தப்பும். பின்னால் சாயாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள் இருந்தால் அவற்றைப் பொருத்தியே ஆட வேண்டும்.

பந்து 200 கிராமை ஒட்டிய மென்பந்தாக இருக்கட்டும். கடற்கரைப் பந்து சரியாகக் குதிக்காது. பலூன் வேண்டவே வேண்டாம். பிறவியிலேயே முதுகுத்தண்டு குறைபாடு உள்ள பிள்ளைகளில் பலருக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை இருக்கும். ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டு, மென்பந்திலும் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

எங்கள் தேர்வு இதுதான்: 10 விநாடிச் சோதனையில் தேறி, தானாகவே தரைக்கு இறங்கி ஏறக்கூடிய மாணவி என்றால் தரை ஆட்டம், இல்லையென்றால் கட்ட ஆட்டம். இரண்டு திடலில் 12 பேர் ஆட, மீதி 6 பேர் சுவரில் தள்ளிப் பழகி, ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். அந்த ஆறு நிமிடத்தில் ஒவ்வொருவரும் பந்தைத் தொட்டதை ஒரு பிள்ளை எண்ணட்டும். அவளுடைய எண்ணிக்கை மற்றவர்களில் பாதிகூட இல்லையென்றால், பெரும்பாலும் கோளாறு சர்வீஸில்தான். பின்கோட்டிலிருந்து வேகமாக வரும் பந்தை யாராலும் கட்டத்துக்குள் அடக்க முடியாது. எல்லாரும் வலையிலிருந்து 4 மீட்டரில் நின்று, கீழ்க்கையால் போடட்டும்.