ஆறு வருட சிம்னியும் ஒரு கொசுவலையும்

2019 ஆவணியில் திருநகர் வீட்டுக்குக் குடிவந்தபோது மாட்டிய சிம்னி இது. அறுபது சென்டிமீட்டர் அகலம், ஸ்டீல் தகடு ஃபில்டர், மூன்று வேகம். மோட்டார் 180 வாட் என்று அடிப்பக்க லேபிளில் போட்டிருக்கும். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் பழைய ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டில் தாளிப்பும் வறுவலும் கொஞ்சம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோலா உருண்டையோ சுக்கா வறுவலோ இல்லாமல் அத்தைக்குச் சமையல் முடிந்ததாகவே இருக்காது.

முதல் நான்கு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 2023 தீபாவளிக்கு முந்தின நாள் முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கும்போது சிம்னி தானாக நின்றது. விளக்கு எரிகிறது, பொத்தான் மினுக்குகிறது, ஆனால் சத்தம் இல்லை. அரை மணி நேரம் கழித்துப் போட்டால் ஓடியது. பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது. அடுத்த முறை ஏழு நிமிடம்தான். மேல்தகட்டில் கை வைத்துப் பார்த்தேன், வைக்க முடியவில்லை.

கம்பெனி சர்வீஸில் இருந்து வந்த பையன் அதைத் திறக்கவே இல்லை. "மோட்டார் போச்சு மேடம், மாத்தணும், 3,800 ரூபா" என்றான். மோட்டார் உண்மையிலேயே எரிந்திருந்தால் ஆறினபிறகு ஏன் ஓடுகிறது என்ற கேள்வி எனக்கு உறுத்தலாக இருந்தது. அவனை அனுப்பிவிட்டு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். இவர் முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறவர்.

அவர் வந்ததும், "காயிலுக்குள்ள சூடு பார்க்கிற கட்-அவுட் ஒண்ணு இருக்கும்மா, சூடு ஏறுனா அதுவா நிறுத்தும், ஆறுனா அதுவா விடும். அது வேலை செய்யுதுன்னா மோட்டார் இன்னும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். சூடு ஏன் ஏறுதுன்னுதான் பாக்கணும்" என்றார். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதுதான் இதை எழுதக் காரணம்.

அடைத்துக்கொண்ட சிம்னி கரண்டை அதிகமாக இழுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மீட்டர் எதிர்மாறாகக் காட்டியது. உச்ச வேகத்தில் 138 வாட். புதிதாக இருந்தபோது எவ்வளவு என்று நான் அளந்ததில்லை, ஆனாலும் 180 என்று எழுதியிருக்கும் மோட்டாருக்கு இது குறைவு. "காத்து வரலைம்மா" என்றார் உடனே.

அவர் சொன்ன கணக்கு எனக்கு இப்படித்தான் புரிந்தது. சிம்னிக்குள் இருப்பது இறக்கை வைத்த மின்விசிறி இல்லை, பீப்பாய் மாதிரி சுற்றும் ப்ளோயர். அதற்குப் பாரம் என்பதே அது அள்ளித் தள்ளும் காற்றுதான். கிணற்றில் தண்ணீர் வற்றிப்போனால் வாளி லேசாக மேலே வருமே, அதே மாதிரி காற்று வராதபோது மோட்டாருக்கு வேலை குறைகிறது, வாட் குறைகிறது, சுற்றும் வேகம்கூட கொஞ்சம் ஏறுகிறது. ஆனால் அந்த மோட்டாரை ஆற்றுவதும் அதே காற்றுதான். காற்று நின்றுவிட்டால், இழுப்பது குறைந்தாலும் இருக்கிற சூடு வெளியே போக வழியில்லாமல் காயிலிலேயே தங்குகிறது. கீழிருந்து அடுப்புச் சூடு வேறு. தீபாவளிக்கு முந்தின நாள் சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று இருந்தது நினைவுக்கு வந்தது. நன்றாக இழுக்கிறது என்று நான் அப்போது சந்தோஷப்பட்டிருந்தேன்.

பிறகு அடைப்பைத் தேடினோம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டார், வாட் ஏறவில்லை. அப்படியானால் அடைப்பு ஃபில்டரில் இல்லை. மேலே உள்ள அலுமினிய மடிப்புக் குழாயை சிம்னி வாயிலிருந்து கழற்றினார். மீட்டர் உடனே 176-க்குத் தாவியது. குழாயில், அல்லது அதன் மறுமுனையில் கோளாறு.

மாடியில் நின்று வெளிச்சுவரை எட்டிப் பார்த்தபோது குற்றவாளி யார் என்று தெரிந்துபோனது. நான்தான். இரண்டாம் வருடம் குழாய் வழியாகப் பல்லி வருகிறது என்று கொத்தனாரிடம் சொல்லி வெளி வாயில் கொசுவலை கட்டச் சொல்லியிருந்தேன். அந்த வலை கண்ணுக்கண்ணாக எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அதன்மேல் தூசி படிந்து, பழைய கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. விரலால் குத்தினால் ஓட்டை விழவில்லை, அமுங்கியது. அதற்கு உள்பக்கம் இருந்த மூடிக்கதவும் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு பாதிதான் திறந்தது.

வலையைக் கிழித்து எறிந்துவிட்டு அரை அங்குலக் கண்ணியுள்ள கம்பி வலை வைத்தோம். மைனா நுழையாது, பல்லி நுழையும், பரவாயில்லை. கதவின் கீலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். குழாய் பரண் மேல் தொய்ந்து வளைந்து கிடந்தது. வேண்டாத ஒன்றரை அடியை வெட்டி, ஒரே ஒரு வளைவோடு விறைப்பாக இழுத்து மாட்டினார். எல்லாம் கூடி 172 வாட் வந்தது. அன்று மாலை மீதி முறுக்கு ஒன்றரை மணி நேரம் சுட்டோம், சிம்னி நிற்கவில்லை. மொத்தச் செலவு 650 ரூபாய்.

அந்த 172 என்ற எண்ணை ஃபில்டர் கதவின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். நானே ஒரு வாட் மீட்டர் வாங்கிவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உச்ச வேகத்தில் அளப்பேன். 160-க்குக் கீழே போனால் எங்கோ அடைக்கிறது என்று அர்த்தம், முதலில் ஃபில்டர், பிறகு வெளி வாய். மாறாக எண் ஏறி, சுற்றுவதும் மந்தமானால் அது காற்றுப் பிரச்சினை இல்லை, பேரிங்கோ உள் உரசலோ இருக்கும். அதை நான் தொடமாட்டேன், அண்ணன்தான்.

ஃபில்டரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். பெரிய தட்டில் கொதிக்கிற தண்ணீர், இரண்டு கரண்டி வாஷிங் சோடா, அரை மணி ஊறல், பிறகு பழைய டூத்பிரஷ். எங்களுடையது ஸ்டீல் என்பதால் சோடா தாங்குகிறது. தங்கை வீட்டில் அலுமினிய வலை ஃபில்டர். அவள் இதே சோடாவைப் போட்டு அது கரியாகக் கறுத்துவிட்டது. அலுமினியத்துக்குப் பாத்திரம் விளக்கும் சோப்பும் வெந்நீரும் போதும். கழுவினபிறகு ஈரத்தோடு மாட்டக்கூடாது, அந்த நீர் மோட்டார் பக்கம்தான் போகும்.

ப்ளோயரை வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைப்பேன், சுவிட்சை மட்டும் நம்புவதில்லை. எங்கள் மாடலில் நடு நட்டு தலைகீழ் மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழன்றது. இது தெரியாமல் முதல் முறை இறுக்கிக்கொண்டே இருந்தேன். பீப்பாயைத் தனியே எடுத்து வெந்நீரில் ஊறவைக்கலாம். அதன் தகடுகளில் குட்டி இரும்புக் கிளிப் இருந்தால் அழுக்கு என்று நினைத்துப் பிடுங்க வேண்டாம், அது எடை சமப்படுத்த வைத்தது. எடுத்தால் அதிர்வு வந்து பேரிங்கைத் தின்னும். மோட்டார் மேல் ஸ்ப்ரே எதுவும் அடிப்பதில்லை. பிழிந்த துணி, அவ்வளவுதான்.

ஒயரிங் பக்கம் நாங்கள் செய்த தப்பும் உண்டு. ஆரம்பத்தில் சிம்னியின் பிளக் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியோடு சேர்ந்து இருந்தது. சிம்னி இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் கீழே, அதனால் பெட்டிக்குப் பாரம் இல்லை என்று நினைத்தோம். ஆனால் தளர்ந்த தொடுப்புதான் ஆளைக் காலி செய்கிறது. மிக்ஸி பிளக்கைத் தினம் பிடுங்கிச் செருகிப் பெட்டியின் பித்தளை நாக்குகள் விரிந்துபோய், சிம்னி பிளக்கின் ஒரு முள் பழுப்பேறி, பக்கத்துப் பிளாஸ்டிக் உருகியிருந்தது. இன்னொன்று, ஈரக்கையோடு சிம்னியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். அண்ணன் சாக்கெட்டைத் திறந்தபோது பச்சை எர்த் ஒயர் எதிலும் மாட்டாமல் பெட்டிக்குள் சுருட்டிக் கிடந்தது. மூன்று ஓட்டை இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பக்கூடாது போல. இப்போது சிம்னிக்கென்று தனி ஆறு ஆம்பியர் சாக்கெட், ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், எர்த்தோடு. சூடான குழாயில் ஒயர் படாதபடி பக்கச்சுவரில், கை எட்டும் உயரத்தில் சுவிட்ச்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கதை வேறு. அது 45 வாட். ஒரு கோடையில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்ததும், அத்தை ஷாஃப்ட்டில் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார்கள். இரண்டு நாள் ஜம்மென்று ஓடியது. அப்புறம் முன்னைவிட மோசம். சமையல் எண்ணெய் சூட்டில் பிசினாகிவிடும், புஷ்ஷைப் பிடித்துக்கொள்ளும். அளந்தால் 57 வாட், உடம்பெல்லாம் சூடு, சுவிட்சைப் போட்டதும் கொஞ்சம் திக்கித் திணறித்தான் கிளம்பும். இங்கே வாட் ஏறியதும் சிம்னியில் இறங்கியதும் எனக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. புஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவி மெஷின் ஆயில் விட்டதும் 44-க்கு வந்தது.

"நான் சொன்னா கேக்க மாட்டீங்களா அத்தை" என்று கேட்டதற்கு, "கதவு கீலுக்கு விட்டா நல்லாத்தான இருந்துச்சு" என்றார்கள்.

இரண்டையும் ஒன்றாக ஓடவிடுவதை விட்டுவிட்டேன். கதவு ஜன்னல் மூடியிருக்கும்போது இரண்டும் ஒரே காற்றுக்கு இழுபறி செய்கின்றன. சிம்னியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் போட்டால் சிம்னிக் குழாய் வழியாக வெளிக்காற்று வாடையோடு உள்ளே இறங்குகிறது. இப்போது தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் சிம்னி, ஹால் பக்கக் கதவு ஒரு சாண் திறந்து. இட்லி அவிக்க, சாம்பார் கொதிக்க ஜன்னலைத் திறந்துவைத்து ஃபேன் மட்டும்.

பில் விஷயத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். தினம் ஒன்றேகால் மணி நேரம் உச்ச வேகத்தில் சிம்னி என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட் வருகிறது. ஃபேன் மூன்று மணி நேரம் ஓடினால் 8 யூனிட். நடு வேகத்தில் என் சிம்னி 130 வாட் எடுக்கிறது, சாதாரணச் சமையலுக்கு அது போதும். பில் ஏறியதற்கு சிம்னியைத் திட்டுவதில் அர்த்தமில்லை, எங்கள் வீட்டில் அது ஏசி செய்த வேலை.

போன வாரம் அளந்தேன், 169. ஒரு விளக்கு போன வருடமே போய்விட்டது. மற்றொன்றின் வெளிச்சமே போதுமென்று விட்டுவிட்டேன்.