சோடியம் விகிதமா, யூரியா விகிதமா? திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் எது கைகொடுக்கும்

திடீரெனக் கிரியாட்டினின் ஏறியவுடன் மருத்துவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இது: சிறுநீரகம் நன்றாக இருந்தும் அதற்குப் போதிய இரத்தம் வரவில்லையா, அல்லது அதன் நுண்குழல்களே சேதமாகிவிட்டனவா? முதல் வகையில் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்தால் ஓரிரு நாட்களில் எண்கள் இறங்கத் தொடங்கும். இரண்டாம் வகையில் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவதால் பயனில்லை. நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். இரண்டையும் பிரித்துக் காட்ட இரண்டு சோதனைக் கணக்குகள் உள்ளன. ஒன்று சோடியத்தையும் மற்றொன்று யூரியாவையும் எண்ணுகிறது.

இரண்டும் கேட்பது ஒன்றையே. வடிகட்டப்பட்ட பொருளில் எத்தனை சதவீதம் சிறுநீரில் வெளியேறியது? வடிகட்டலின் அளவுக்குக் கிரியாட்டினினை அளவுகோலாக வைத்துக்கொள்வதால், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்க வேண்டியதில்லை. ஒரே வேளையில் எடுத்த இரத்தமும் ஒரு குப்பிச் சிறுநீரும் போதும்.

```
FENa   = (UNa × PCr) / (PNa × UCr) × 100
FEUrea = (UUrea × PCr) / (PUrea × UCr) × 100
```

இதில் FENa என்பது சோடியம் விகிதம், FEUrea என்பது யூரியா விகிதம். U என்பது சிறுநீரில் உள்ள அளவு, P என்பது இரத்தத்தில் உள்ள அளவு, Na என்பது சோடியம், Cr என்பது கிரியாட்டினின்.

சோடியம் கணக்கை 1976இல் எஸ்பினெல் முன்வைத்தார். இரத்த ஓட்டம் குறைந்தால் உடல் உப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். நுண்குழல் செத்துவிட்டால் பிடித்துக்கொள்ள ஆளில்லை. விகிதம் 2க்கு மேல் போகும். இடைப்பட்டது எதற்கும் சேராதது. இந்த எல்லைகள் சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோன நோயாளிகளை வைத்து வகுக்கப்பட்டவை என்பதை வார்டில் யாரும் நினைவில் வைப்பதில்லை. ஏன் அது முக்கியம் என்று ஒரு சிறு கணக்கு சொல்லும். ஆரோக்கியமான சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. லிட்டருக்கு 140 மில்லிமோல் என்றால் வடிகட்டப்படும் சோடியம் சுமார் 25,000 மில்லிமோல். உணவில் 150 மில்லிமோல் உண்பவர் அதே 150ஐத்தான் வெளியேற்றுவார். அதாவது 0.6 சதவீதம். எந்த நோயும் இல்லாதவருக்கே விகிதம் 1க்குக் கீழே! வடிகட்டல் ஐந்தில் ஒன்றாகக் குறைந்த நாள்பட்ட நோயாளி அதே உணவை உண்டால் அவருக்கு 3 சதவீதம் வரும். அவருடைய நுண்குழல்களில் புதிதாக எந்தச் சேதமும் நேர்ந்திருக்காது. ஆகவே 1 என்ற கோடு, வடிகட்டல் திடீரென வெகுவாக விழுந்தவரிடம் மட்டுமே பொருள் தரும்.

சோடியம் கணக்கின் பெரிய பகை நீர் மாத்திரை. ஃபுரோசிமைடு என்ற நீர் மாத்திரை, நுண்குழலின் கொண்டை ஊசி வளைவுப் பகுதியில் உப்பைத் திரும்ப எடுக்கும் பாதையை அடைத்துவிடுகிறது. நோயாளி வறண்டு கிடந்தாலும் சிறுநீரில் சோடியம் கொட்டும். இதனால் அந்த விகிதம் முற்றிலும் வீணாகிவிடுவதில்லை. ஒரு பக்கம் மட்டும்தான் கெடுகிறது. மருந்தையும் மீறி விகிதம் 1க்குக் கீழே வந்தால் நம்பலாம். மேலே போனால் அது மருந்தின் வேலையா, சேதத்தின் வேலையா என்று சொல்ல முடியாது. வாந்தியால் பைகார்பனேட் சிறுநீரில் வெளியேறும்போதும் சோடியத்தை உடன் இழுத்துச் செல்லும். அங்கே சிறுநீர்க் குளோரைடைப் பார்ப்பதே சரி.

யூரியா இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. வடிகட்டப்பட்ட யூரியாவில் கணிசமான பங்கு நுண்குழலின் தொடக்கப் பகுதியிலேயே, நீரும் உப்பும் திரும்பும் வேகத்தைப் பின்பற்றித் திரும்புகிறது. மீதியில் ஒரு பங்கைச் சேகரிப்புக் குழாயின் அடிப்பகுதி, வாசோபிரசின் ஹார்மோனின் தூண்டுதலில் எடுத்துக்கொள்கிறது. ஃபுரோசிமைடு வேலை செய்யும் இடம் இவ்விரண்டுக்கும் நடுவில். எனவே உடல் வறண்டிருந்தால் மருந்து உள்ளே இருக்கும்போதும் யூரியா திரும்பிக்கொண்டே இருக்கும். இயல்பாக 50 முதல் 65 சதவீதமாக இருக்கும் விகிதம் 35க்குக் கீழே இறங்கும். நுண்குழல் சேதத்தில் 50க்கு மேலே நிற்கும்.

கார்வூனிஸ் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது. நீர் மாத்திரை எடுக்காத, இரத்த ஓட்டக் குறைவால் பாதிக்கப்பட்டவர்களில் 92 சதவீதத்தினருக்குச் சோடியம் விகிதம் 1க்குக் கீழே இருந்தது. மாத்திரை எடுத்தவர்களில் அது 48 சதவீதத்தினருக்குத்தான். அதே மாத்திரைக் குழுவில் 89 சதவீதத்தினருக்கு யூரியா விகிதம் 35க்குக் கீழே இருந்தது. இதைப் படித்தவுடன் யூரியாவே வென்றது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் 2007இல் பெபின் குழு பார்த்தபோது மாத்திரை எடுத்தவர்களிடம் யூரியாவின் அந்த மேன்மை தெரியவில்லை. என் பார்வையில் யூரியா விகிதம் சோடியத்தின் மேம்பட்ட பதிப்பு அன்று. சோடியம் தோற்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உதவிக்கு வருவது, அவ்வளவே.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். இதயச் செயலிழப்புக்கு ஃபுரோசிமைடு 40 மில்லிகிராம் காலை, மாலை எடுக்கும் 68 வயது முதியவர். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. நாக்கு உலர்ந்திருக்கிறது, எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்குகிறது. முன்பு 1.1ஆக இருந்த கிரியாட்டினின் இப்போது 2.8. இரத்தச் சோடியம் 132, இரத்த யூரியா 112. சிறுநீரில் சோடியம் 62, கிரியாட்டினின் 60, யூரியா 620.

சோடியம்: 62ஐ 2.8ஆல் பெருக்கினால் 173.6. அதை 132 பெருக்கல் 60 ஆன 7,920ஆல் வகுத்தால் 2.2 சதவீதம். இதை மட்டும் பார்த்தவர் நுண்குழல் சேதம் என்று எழுதிவிட்டு சலைனை நிறுத்திவிடுவார்.

யூரியா: 620 பெருக்கல் 2.8 என்றால் 1,736. அதை 112 பெருக்கல் 60 ஆன 6,720ஆல் வகுத்தால் 25.8 சதவீதம். 35க்கு நன்றாகவே கீழே. வயிற்றுப்போக்கும் உலர்ந்த நாக்கும் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. சோடியம் விகிதம் உயர்ந்ததற்குக் காலையில் விழுங்கிய மாத்திரையே போதிய காரணம். இனி மாத்திரையை நிறுத்தி, இதயம் பலவீனமானது என்பதால் சலைனை 250 மில்லி அளவில் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் நுரையீரலைக் கேட்டுப் பார்த்து மேலே செல்லலாம். கணிப்பு சரியென்றால் இரண்டு மூன்று நாட்களில் கிரியாட்டினின் இறங்கும். இறங்காவிட்டால் கணிப்பைத்தான் மாற்ற வேண்டும், சலைன் அளவை அல்ல.

இதே கணக்கு தலைகீழாகப் போகும் ஒரு வழி உண்டு. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் 'இரத்த யூரியா' என்று தருகின்றன. சில ஆய்வகங்களும் அமெரிக்கப் பாடநூல்களும் யூரியாவிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டுத் தருகின்றன. நைட்ரஜன் எண்ணை 2.14ஆல் பெருக்கினால்தான் யூரியா கிடைக்கும். மேலே சொன்ன முதியவருக்கு இரத்த அறிக்கை நைட்ரஜனாக 52 என்றும், சிறுநீர் அறிக்கை யூரியாவாக 620 என்றும் வந்துவிட்டால், கணக்கு 1,736ஐ 3,120ஆல் வகுத்து 55.6 சதவீதம் என்று சொல்லும். அதே மனிதர், அதே சிறுநீர், விடை மட்டும் நேர்மாறு. இரு எண்களும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் யூரியா விகிதத்தைக் கணக்கிடவே கூடாது. சோடியத்தில் இந்தத் தொல்லை இல்லை.

யூரியாவும் தோற்கும் இடங்கள் உண்டு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறிச் சிறுநீரில் கொட்டும்போதும், மானிட்டால் கொடுத்த பிறகும், நீர் வேகமாக ஓடுவதால் தொடக்கப் பகுதியிலேயே யூரியா தப்பிவிடும். அந்தப் பகுதியிலேயே வேலை செய்யும் அசெட்டசோலமைடு என்ற நீர் மாத்திரையும் அதே குழப்பத்தைத் தரும். ஆகவே 'நீர் மாத்திரை எடுக்கிறார், யூரியாவைப் பார்' என்ற எளிய விதி எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. செப்சிஸில் யூரியாவைக் கடத்தும் புரதங்களே குறைந்துவிடுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த விகிதம் வெளிவார்டில் போலத் தெளிவாகப் பேசாமல் போவதற்கு அது ஒரு காரணமாகலாம்.

இரண்டு விகிதங்களும் குறைவாக இருந்தால் சலைன் ஏற்றிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. விகிதம் குறைந்திருப்பது சிறுநீரகத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதைத்தான் சொல்கிறது. உடல் வறண்டிருக்கிறது என்பதை அன்று. கால் வீங்கி, கழுத்து நரம்பு புடைத்து, படுத்தால் மூச்சு வாங்கும் இதய நோயாளிக்கும் சோடியம் விகிதம் 0.3 என்று வரும். கல்லீரல் சுருக்கத்தில் வயிறு நிறைய நீர் தேங்கியவருக்கும் அப்படியே. முதலாமவருக்கு வேண்டியது சலைன் அல்ல, கூடுதல் ஃபுரோசிமைடு.

இன்னும் சங்கடமானது, நுண்குழல் உண்மையிலேயே சேதமாகியிருந்தும் சோடியம் விகிதம் 1க்குக் கீழே நிற்கும் நிலைமைகள். ஸ்கேனுக்குச் செலுத்தும் சாயமருந்தால் வந்த பாதிப்பிலும், தசை சிதைந்து மயோகுளோபின் சிறுநீரகத்தில் அடைத்துக்கொள்வதிலும் இது நடக்கும். இரண்டிலும் சிறுநீரக இரத்தக் குழாய்கள் இறுகியிருக்கின்றன. இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகளில் அழற்சி ஏற்படும் நோயில் நுண்குழல் நன்றாக இருப்பதால் விகிதம் குறைவாகவே இருக்கும். இங்கே யூரியாவுக்குத் தாவுவதாலும் விடை கிடைக்காது. சிறுநீரையே பார்க்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிய படிவில் சேற்றுப் பழுப்பு நிறத் துகள் வார்ப்புகள் தெரிந்தால் நுண்குழல் சேதம். உருமாறிய சிவப்பணுக்களும் அவற்றின் வார்ப்புகளும் தெரிந்தால் வடிமுடிச்சு நோய். பட்டைச் சோதனையில் இரத்தம் என்று வந்து, நுண்ணோக்கியில் சிவப்பணு ஒன்றும் தென்படாவிட்டால் தசைச் சிதைவைச் சந்தேகித்து கிரியாட்டின் கைனேஸ் அனுப்ப வேண்டும். அது உறுதியானால், சோடியம் விகிதம் எதுவாக இருந்தாலும், சலைனை நின்று நிதானிக்காமல் தொடங்க வேண்டும். நுண்குழல் சேதத்தில் சலைன் பயன்படாது என்ற பொதுவிதிக்கு இது விலக்கு.