டிரா போதாத நாளில் கறுப்புக்கு எது: பெனோனியா, டச்சா, கிங்ஸ் இந்தியனா?

கடைசி ரவுண்டு, கறுப்புக் காய், அரைப் புள்ளி வந்தால் பயனில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரோ d4 ஆடிவிட்டு காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து டிராவுக்குக் கை நீட்டுகிறவர். யாங்கோன் டீக்கடையில் நம் தமிழ்ப் பையன்கள் சதுரங்கப் பலகையை விரித்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. போன வாரம் ஒரு தம்பி கேட்டது: "அண்ணே, பேசாம பெனோனி ஆடிடட்டுமா?"

வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெனோனி மோசமான ஆட்டம் இல்லை, ஆனால் அதை ஆட வெள்ளையின் சம்மதம் வேண்டும். 1.d4 Nf6 2.c4 e6 3.Nf3 c5 வரை போன பிறகு வெள்ளை d5 என்று தள்ளினால்தான் நாம் தேடிய சண்டை. டிரா தேடி வந்தவர் ஏன் தள்ளப் போகிறார்? 4.e3 என்று அமைதியாக வைப்பார், c5-ல் மாற்றம் நடக்கும், கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். ஆகவே ஒரு திறப்பு எவ்வளவு கூர்மையானது என்று பார்ப்பதற்கு முன்னால், எதிரி அதை மறுக்க முடியுமா என்று பாருங்கள். (நம் பர்மாச் சதுரங்கமான சிட்டுயினில் சிப்பாய்களுக்குப் பின்னால் அவரவர் விருப்பப்படி காய்களை அடுக்கிவிட்டுத்தான் ஆட்டமே தொடங்கும், இந்தத் தொல்லை அங்கே அவ்வளவு இல்லை.)

டச்சு அந்தக் கேள்வியில் தேறிவிடும். 1.d4 f5 வைத்த நிமிடமே இரண்டு பக்கமும் வேறு வேறு, அதை வெள்ளையால் திருப்பி எடுக்க முடியாது. g6, Bg7, d6, கோட்டை கட்டுதல், அப்புறம் Qe8 வைத்து e5 தள்ளப் பார்ப்பது, அவ்வளவுதான் திட்டம். லண்டன் திறப்பை ஆடுகிறவருக்கு எதிராகவும் இதே அடுக்கு நிற்கும். விலையும் உண்டு: f சிப்பாய் நகர்ந்ததால் ராஜாவைச் சுற்றி காற்று அடிக்கும், வெள்ளை d5 தள்ளினால் e6 கட்டம் பலவீனமாகும், ஒரு குதிரை g5 வழியாக அங்கே வந்து உட்கார்ந்தால் மூச்சு முட்டும்.

கிங்ஸ் இந்தியனுக்குத்தான் என் ஓட்டு, ஆனால் ஒரு திருத்தத்தோடு. 1.d4 Nf6 2.c4 g6 3.Nc3 Bg7 4.e4 d6 5.Nf3 O-O 6.Be2 வந்ததும் எல்லோரும் உடனே 6...e5 என்பார்கள். டிரா தேடுகிறவர் காத்திருப்பது அதற்குத்தான்: 7.dxe5 dxe5 8.Qxd8 Rxd8, ராணிகள் போயாச்சு. அது செத்த ஆட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெல்ல நீண்ட நேரம் பிடிக்கும், அதற்குள் இன்னும் நாலு காய் மாறிவிடும். அதனால் முதலில் 6...Nbd7, அப்புறம் 7.O-O e5. இப்போது வெள்ளை e5-ல் அடித்தாலும் d7-ல் நிற்கும் குதிரை வழியை மறைக்கிறது, ராணிகளை உடனே மாற்ற முடியாது.

அப்படி அடித்துவிட்டால் பலகையைக் கவனியுங்கள். வெள்ளையின் c4, e4 சிப்பாய்கள் முன்னே போய்விட்டன, d4 கட்டத்தைக் காக்க இனி சிப்பாய் கிடையாது. நாமோ c6 வைத்து d5-ஐ மூடிவிடலாம். d7 குதிரை c5, e6 வழியாக d4-க்குப் போகும். நடுவில் b4 வந்து விரட்டினால் அது போக நினைத்த e6-க்கே போகும். கவனிக்க வேண்டியது d6: c6 வைத்த பிறகு அந்தக் கட்டம் நமக்கு ஓட்டை. வெள்ளை c5 தள்ளிவிட்டு குதிரையை d2-க்குத் திருப்பினால் அடுத்த நிறுத்தம் c4, அதற்கடுத்து d6 என்று புரிந்துகொள்ள வேண்டும், உங்கள் குதிரை d4-க்கு வர நேரம் இருக்கிறதா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் விட்டு 1...d5 ஆடினால்? ஸ்லாவ் தற்காப்பில் 2.c4 c6 3.cxd5 cxd5, இரண்டு பக்கமும் கண்ணாடி, இந்த நாளுக்கு இதைவிட மோசமானது இல்லை. 2...e6 கொஞ்சம் மேல், அங்கே மாற்றிக்கொண்டால் வெள்ளைக்கு c சிப்பாய் இல்லை, நமக்கு e சிப்பாய் இல்லை. 2010-ல் சோபியாவில் உலகப் பட்டத்தின் 12-வது, கடைசி ஆட்டத்தில் நம் ஆனந்த் இந்தக் குடும்பத்தின் லாஸ்கர் தற்காப்பில்தான் கறுப்பாக டோபலோவை வென்றார். ஆனால் அங்கே புள்ளிகள் சமம், ஆனந்துக்கு டிராவும் சரிதான். 31-வது நகர்த்தலில் டோபலோவ் f5-ல் அடிக்க, ஆனந்த் e4 தள்ளினார், அதை டோபலோவ் எடுத்ததும் அவருடைய ராஜா திறந்துவிட்டது. டிராவுக்கு மட்டுமே உட்கார்ந்திருப்பவர் அப்படி எடுக்க மாட்டார். அவருக்கு எதிராக ராணிகளைப் பலகையில் வைத்திருங்கள், சிப்பாய் மாற்றம் எதையும் முப்பதாவது நகர்த்தல் வரை நீங்களாகத் தொடங்காதீர்கள்.