3 ஆண்டு எர்கோனாமிக் நாற்காலியும் 17 நாள் பூவரச நாற்காலியும்

தொண்டியில் இருக்கும் நண்பருக்கும் இப்போது வீட்டிலிருந்தே வேலை. நாள்தோறும் 8 மணி நேரம் உட்கார வேண்டியிருப்பதால், எர்கோனாமிக் நாற்காலி வாங்குவதா, வீட்டில் கிடக்கும் நாற்காலியில் ஒரு குஷனைப் போட்டுச் சமாளிப்பதா என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டார். நல்ல நேரத்தில்தான் கேட்டார். என்னுடைய எர்கோனாமிக் நாற்காலி பழுதாகி 17 நாள் மூலையில் கிடந்து, அந்த நாள்கள் முழுவதும் தாத்தா காலத்துப் பூவரச மர நாற்காலியில் குஷன் போட்டு வேலை பார்த்துவிட்டு, அப்போதுதான் பழையபடி எர்கோனாமிக் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

என் வீடு மண்டபத்தில், தென்கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 3 ஆண்டுகளுக்கு முன் 14,500 ரூபாய் கொடுத்து வாங்கிய நாற்காலி அது. வலைத்துணி முதுகு, இடுப்புத் தாங்கி, சாய்ந்துகொள்ளும் வசதி, உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர் எல்லாம் உண்டு. இந்த விலையில் வருகிற பெரும்பாலான நாற்காலிகளுக்கும் இவை இருக்கும் என்பதால் அவற்றைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது உயரத்தைப் பற்றித்தான்.

என் மேசை 75 செ.மீ. உயரம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து என் முழங்கை வரை 23 செ.மீ. இருக்கிறது. விசைப்பலகையில் கை வைக்கும்போது தோள் தூக்காமல் இருக்க வேண்டுமானால் முழங்கை மேசை மட்டத்துக்கு ஒட்டி வர வேண்டும். அதற்கு இருக்கை 51 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் என் முழங்காலுக்குக் கீழே உள்ள அளவு 41 செ.மீ. மட்டுமே என்பதால், அந்த உயரத்தில் பாதம் தரையைத் தொடாமல் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் இருக்கை விளிம்பில் அழுந்தி மரத்துப் போகும். ஆகையால் 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு பனங்கட்டையை அறுத்துக் காலடியில் போட்டுக்கொண்டேன். நாற்காலி, மேசை, பனங்கட்டை ஆகிய மூன்றும் இப்படிப் பொருந்திய பிறகு இரண்டரை ஆண்டுகள் எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அதை மனதாரச் சொல்கிறேன்.

அதன் பிறகு வலது தோள்பட்டையில் ஒரு வலி தொடங்கியது. காலையில் இருக்காது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மெல்லத் தலைகாட்டி, மாலையில் கழுத்து வரை ஏறும். வயதாகிவிட்டது என்றும், தலையணை சரியில்லை என்றும் இரண்டு மாதங்களை ஓட்டினேன். ஒரு நாள் மாலை, உட்கார்ந்தபடியே குனிந்து பார்த்தபோது என் முழங்கால்கள் இடுப்பை விட உயரத்தில் நிற்பதைக் கண்டேன். மறுநாள் நான் உட்கார்ந்திருக்க, என் மனைவி டேப்பைப் பிடித்து அளந்தார். காலை 9 மணிக்கு 51 செ.மீ., மதியம் 1 மணிக்கு 48, மாலை 6 மணிக்கு 46. நாற்காலி என்னை வைத்துக்கொண்டே 5 செ.மீ. இறங்கியிருந்தது. முழங்கை மேசைக்கு 6 செ.மீ. கீழே போய்விட, ஒவ்வொரு எழுத்துக்கும் நான் தோளைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இறக்கம் மெதுவாக நடப்பதால் உடம்புக்கு அது தெரிவதே இல்லை; வலிதான் தெரிகிறது.

சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அடைத்திருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் சீல்கள் தேய்ந்தால் இப்படி இறங்கும். எங்கும் நடப்பதுதான் என்றாலும், இங்கே உப்புக் காற்று மற்ற பாகங்களையும் சேர்த்துத் தின்கிறது. சக்கரத்தின் இரும்புக் குச்சிகளும், கைப்பிடித் திருகுகளும், முலாம் பூசிய குழாயும் இரண்டாவது வாடைக் காலத்திலேயே பழுப்பேறிவிட்டன. உத்தரவாதத்தைக் காட்டி விற்றவர்களைக் கேட்டால், துருவினால் வரும் சேதம் அதில் சேராது என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். கடற்கரை முகவரிக்கு அனுப்பும்போது இதைச் சொல்லியிருக்கலாம்.

புதுச் சிலிண்டர் விலை அதிகமில்லை. பழையதைக் கழற்றுவதுதான் பாடு. அடிச்சட்டத்தின் நடுத்துளையில் அது லேசான கூம்பு வடிவில் இறுகி உட்கார்ந்திருக்கும். வேறிடங்களில் நாற்காலியைக் கவிழ்த்துச் சட்டத்தின் நடுவில் தெரியும் சிலிண்டர் நுனியில் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் வந்துவிடும். என்னுடையது துருவினால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து, இடுக்கில் துரு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பைப் ரெஞ்சால் திருகி எடுத்தார். "ஏன் தம்பி, இதைப் போட்டு என்ன கடலுக்கா போகப் போறீங்க, இப்படித் துருப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு, புதியதன் கூம்புக்கு கிரீஸ் தடவப் போனார். தடுத்துவிட்டேன். அந்த இடம் உராய்வினால் மட்டுமே பிடித்து நிற்கிறது, எண்ணெய்ப் பசை பட்டால் நழுவும். பொருத்திய பிறகு வெளி இடுக்கில் மட்டும் சுற்றித் தடவச் சொன்னேன். பழைய சிலிண்டரை அறுக்கவோ துளையிடவோ கூடாது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் உள்ளே மிச்ச அழுத்தம் இருக்கும்.

இதற்கிடையே அந்த 17 நாள். பூவரச நாற்காலி 45 செ.மீ. உயரம். 7 செ.மீ. கனமான குஷன் நான் உட்கார்ந்ததும் 4 செ.மீ. ஆக அமுங்கியது, அதன் அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு 51 செ.மீ. ஆக்கினேன். தோள் வலி நான்காம் நாளே குறையத் தொடங்கியது! 14,500 ரூபாய்ப் பொருள் கெடுத்ததை 600 ரூபாய்க் குஷன் சரி செய்ததைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் குஷன் ஆளைத் தூக்குகிறதே தவிர, முதுகுச் சாய்மானத்தைத் தூக்குவதில்லை. சாய்மானத்தின் மேல் சட்டம் தோள்பட்டை எலும்புக்குக் கீழே வந்து அறுத்தது. இடுப்பு வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தும் மாலை 4 மணிக்கு மேல் இடுப்பு கெஞ்சியது. தொலைபேசியில் பேசும்போது பின்னால் சாய்ந்து இடுப்பின் பாரத்தை முதுகுக்கு மாற்றிக்கொள்ளும் அந்த ஒரு சுகம், எத்தனை குஷன் அடுக்கினாலும் வராது. கரண்ட் போன மதியங்களில் குஷன் வேர்வையில் ஊறியதையும் சொல்லத்தான் வேண்டும். உட்கார்வதற்கு எது மேல் என்றால் தயக்கமின்றி எர்கோனாமிக் நாற்காலிதான். இன்னொரு முறை வாங்குவேனா என்றால், இந்தக் கடற்கரையில் இருக்கும் வரை மாட்டேன்.

நண்பருக்கு இதை எழுதிவிட்டு, மேசை உயரம், முழங்கை அளவு, முழங்காலுக்குக் கீழ் அளவு மூன்றையும் அனுப்பச் சொன்னேன். என்னை விடக் குட்டையான அவருடைய மேசை 79 செ.மீ. உயரம் இருக்கிறது. அதற்கேற்ப உட்கார வேண்டுமானால் எந்த நாற்காலியிலும் அவர் ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். முதலில் தச்சரைக் கூப்பிட்டு மேசைக் காலில் 8 செ.மீ. அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.